இரண்டு வேளைக்கு நடுவில் எழும் பதற்றம்: அல்பிரசோலம் உட்கொண்ட ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மதுரைக்குத் தெற்கே ஒரு சிறுநகரில் தையல் கடை நடத்தும் 43 வயதுப் பெண் ஒருவர், கல்லூரியில் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்கு இருந்த பீதிக் கோளாறு முழுவதுமாகத் திரும்பிவிட்டது என்றும், அல்பிரசோலம் மாத்திரையை ஒரு வேளைக்கு அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராமாக உயர்த்தித் தர வேண்டும் என்றும் கேட்டார். "மாத்திரை போட்டா முக்கால் மணி நேரத்துல அடங்கிடுது, டாக்டர். அப்ப நோய் உள்ள இருக்குன்னுதானே அர்த்தம்?" என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை மறுக்க அப்போது என்னிடம் விடை இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் இதே காரணத்தைக் கேட்டு, வேளைக்குக் கால் மில்லிகிராமாக இருந்த மருந்தை அரை மில்லிகிராமாக உயர்த்தியவனும் நான்தான்.

அவருடைய இசைவோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். குறுகிய நேரமே செயல்படும் பதற்றத் தணிப்பு மருந்து ஒன்று இரண்டு வேளைகளுக்கு நடுவில் தானே உண்டாக்கும் பதற்றத்தை, மூல நோயின் மறுவருகை என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே எப்படித் தவறாகப் படிக்க முடிகிறது என்பதை இந்த ஒருவரின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

நோயின் தொடக்கம்

முதல் தாக்கு, மதுரைக்குத் துணி எடுக்கப் போன பேருந்தில் வந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகள் மரத்து, இப்போதே செத்துவிடுவோம் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, அரை மணி நேரத்தில் ஓய்ந்தது. அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் நான்கு முறை அதே போல வந்தது. அவற்றில் மூன்று பேருந்திலும் ஒன்று கோயில் நெரிசலிலும். இதய மருத்துவர் இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்து, இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று என்னிடம் அனுப்பினார். அதற்குள் அவர் பேருந்து ஏறுவதையே நிறுத்திவிட்டார், துணி எடுக்கக் கணவர்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

மனச்சோர்வுக்கும் பீதிக்கும் தரப்படும் எஸ்சிடலோபிராம் 10 மி.கி. ஒரு வேளையும், அது வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிக்கொள்ள அல்பிரசோலம் 0.25 மி.கி. இரண்டு வேளையும் கொடுத்தேன். இரண்டு மாதங்களில் தாக்குகள் நின்றன. ஆனால் முதல் மாதத்து மருந்துகளில் எது நிற்க வேண்டுமோ அது நிற்கவில்லை. குமட்டலைத் தந்த எஸ்சிடலோபிராமை ஆறாம் மாதத்தில் அவராகவே விட்டுவிட்டார். போட்ட உடனே நிம்மதி தந்த சின்ன மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டார், நாளடைவில் அதை மூன்று வேளையாக்கினார். இடையில் அவர் மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க மட்டுமே வந்து போனதால், அந்த மாற்றத்தை நான் கேட்டறியவில்லை.

பத்தாம் மாதத்தில் "மதியத்துல ஒரு மாதிரி வருது" என்றார். நான் மருந்தைக் கூட்டினேன். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு அதே உணர்வு, முன்னைவிட அழுத்தமாக, மதியத்தில் மட்டுமல்லாமல் விடியற்காலையிலும் வரத் தொடங்கியது. பதினான்காம் மாதத்தில் அவர் மீண்டும் வந்தபோது நாளொன்றுக்கு 1.5 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தார்: காலை 8 மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று.

அளவு நோட்டில் எழுதியது

மருந்தைக் கூட்டாமல் நிறுத்தி வைத்ததற்குக் காரணம், அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி. முந்தைய வாரம் தனியாகப் பேருந்தில் மதுரைக்குப் போய், நெரிசலான ஜவுளிக் கடையில் இரண்டு மணி நேரம் நின்று லைனிங் துணி எடுத்து வந்திருந்தார். வழியில் ஒன்றும் ஆகவில்லை. பீதிக் கோளாறு திரும்பிய ஒருவர், அந்த நோய் பிறந்த இடத்துக்கே போய் அமைதியாகத் திரும்பி வருவதும், தம் வீட்டில் பழகிய தையல் இயந்திரத்துக்கு முன் உட்கார்ந்து நடுங்குவதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பத்து நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வரும்படி கேட்டேன். வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதும் நீள நோட்டின் பின்பக்கத்தில், மகள் கோடு போட்டுக் கொடுத்த நான்கு பத்திகளில் அவர் எழுதினார்: மணி, மாத்திரை போட்ட நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கடைசியாக, கை ஊசியில் நூல் கோர்க்க எத்தனை முறை முயல வேண்டியிருந்தது. நான்காவது பத்தி மகளின் யோசனை. எனக்கு அது மற்ற மூன்றையும்விடப் பயன்பட்டது, ஏனென்றால் பயம் எவ்வளவு என்று கேட்டால் அன்றைய மனநிலைக்கு ஏற்ப விடை மாறும். நூல் ஊசிக் காதில் நுழைந்ததா இல்லையா என்பதில் அந்த மாற்றம் இல்லை.

பத்து நாட்களில் எட்டு நாட்கள் ஒரே மாதிரி இருந்தன. காலை 9 மணிக்கும் 10 மணிக்கும் நூல் முதல் முயற்சியிலேயே நுழைந்தது. நண்பகலில் இரண்டு முறை. ஒரு மணிக்கு ஐந்து, ஆறு முறை; அந்த நேரத்தில் உள்ளங்கை வியர்ப்பு, உள்ளுக்குள் ஒரு அதிர்வு, பக்கத்து மிதிவண்டிக் கடையின் சுத்தியல் சத்தம் மண்டையில் அடிப்பது போன்ற எரிச்சல் என்று எழுதியிருந்தார். 2 மணிக்கு மாத்திரை, மூன்று மணிக்கு மீண்டும் முதல் முயற்சி. விடியற்காலையில் நான்கரை மணிக்கு, கனவு எதுவும் இல்லாமல், நெஞ்சு துடிக்கக் கண் விழித்தார். அந்த அதிர்வு நிற்காமல் ஏறிக்கொண்டே போய், ஏழரை மணிக்குத் தீக்குச்சி உரசுவதே பாடாக இருந்தது. எட்டு மணி மாத்திரைக்குப் பின்தான் அடங்கியது. இரவு 9 மணிக்கு முன்பு மட்டும் இலேசான அமைதியின்மை, அதுவும் சில நாட்களில்தான்.

மீதி இரண்டு நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகள். அன்று கடை இல்லை. கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டபின், பத்து மணிக்கு முதல் மாத்திரை. அந்த இரு நாட்களிலும் ஒரு மணிக்கு எதுவும் வரவில்லை, இரண்டரை மணிக்கு மேல்தான் வந்தது. முதல் மாத்திரை தள்ளிப் போனதும் மதியப் பதற்றமும் கூடவே தள்ளிப் போயிருந்தது. நோய்க்கு மாத்திரை நேரம் தெரியாது. கவலைக்கும், கடை நெருக்கடிக்கும், பயணத்துக்கும் அது தெரியாது. எனவே என் எண்ணத்தைத் திருப்பிய ஒற்றைச் சான்று எது என்று கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை வரிகளைத்தான் சொல்வேன்.

வேறு காரணங்களை விலக்கியது

கடிகாரத்தோடு நகர்வதாலேயே அது மருந்தின் வேலை என்று அறுதியிட முடியாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் நடுக்கமும் வியர்வையும் வந்தால் முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நடுக்கம் உச்சத்தில் இருந்தபோதே இரண்டு முறை குளுக்கோமீட்டரில் பார்த்தார், இரண்டிலும் சர்க்கரை இயல்பாகவே இருந்தது. தைராய்டுச் சோதனையும் இயல்பு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தோ மூக்கடைப்பு மாத்திரையோ அவர் எடுக்கவில்லை. காப்பி காலையில் ஒரு தம்ளர் மட்டும்.

விடியற்காலை விழிப்பு என்னைச் சற்றுத் தயங்க வைத்தது. மனச்சோர்வு நோயிலும் அதிகாலையில் விழிப்பு வரும், காலைதான் மிக மோசமாக இருக்கும். ஆனால் அந்தச் சோர்வு ஒரு மாத்திரையில் முக்கால் மணி நேரத்தில் விலகுவதில்லை, உண்பதிலும் உறவிலும் வேலையிலும் நாட்டமின்மை நாள் முழுவதும் படர்ந்திருக்கும். இவருக்கு ஒன்பது மணிக்கு மேல் பசியும் பேச்சும் வேலையும் வழக்கம் போல இருந்தன. உறக்கத்திலேயே எழும் பீதித் தாக்கு இன்னொரு சாத்தியம்; அது பெரும்பாலும் உறங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், திடுக்கிட்டு எழுப்பி, சில நிமிடங்களில் உச்சமடைந்து இறங்கும். இவருக்கு வந்ததோ மூன்றரை மணி நேரம் ஏறிக்கொண்டே போன ஒன்று.

பழைய தாக்கையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, வேறுபாடு இன்னும் தெளிந்தது. பழையது நிமிடங்களில் பாய்ந்து ஏறியது, சாவு பயத்தோடு வந்தது, பேருந்து, நெரிசல் போன்ற இடத்தோடு கட்டுண்டிருந்தது. புதியது மெதுவாக ஏறியது; சாவு பயம் இல்லை, அதன் இடத்தில் உடம்பின் அதிர்வும் எரிச்சலும் இருந்தன. சத்தம் தாங்க முடியாமை பழைய நோயில் ஒருபோதும் இருந்ததில்லை. முன்பு இல்லாத அறிகுறி ஒன்று புதிதாகச் சேர்ந்து வருவது, பழகிய மருந்து குறையும்போது எழும் விலகல் நிலையை நினைக்க வேண்டிய நல்ல அடையாளம். திரும்பி வரும் நோய் பொதுவாகத் தன் பழைய முகத்தோடுதான் வரும்.

இரத்தத்தில் நடந்தது

அல்பிரசோலம் வாய்வழி உட்கொண்ட ஒன்று, இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை அடைகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சராசரியாக 11 மணி. ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடும். 11 மணி என்பதைப் பார்த்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை தாராளமாகப் போதும் என்று நினைப்பது எளிது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் உள்ள பிழையைக் காண, அவருடைய மூன்று வேளை அட்டவணையை ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன்.

ஒரு மாத்திரையால் கிடைக்கும் அளவை 1 என்று வைத்துக்கொள்வோம், உட்கிரகிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம். 11 மணி அரை ஆயுளோடு, 8, 2, 9 என்ற நேரங்களில் பல நாட்கள் தொடர்ந்து உட்கொண்ட ஒருவருக்கு, காலை மாத்திரைக்குப் பின் உடலில் இருப்பது சுமார் 2.3, பகல் ஒரு மணிக்கு அது 1.7 ஆக இறங்குகிறது. இரண்டு மணி மாத்திரைக்குப் பின் மீண்டும் 2.6, இரவு எட்டு மணிக்கு 1.8. இரவு மாத்திரைக்குப் பின் 2.7, விடியற்காலை நான்கரைக்கு மீண்டும் அதே 1.7, அங்கிருந்து இறங்கி, காலை எட்டு மணிக்கு முன் 1.3 என்ற அந்த நாளின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தொடுகிறது. இது வெறும் தோராயக் கணக்கு, இரத்தத்தில் அளந்து பார்த்ததல்ல. ஆனாலும் அவர் நோட்டில் எழுதிய இரண்டு நேரங்களும் இந்தக் கணக்கின் 1.7 என்ற ஒரே படியில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இரவு ஒன்பதுக்கு முன் ஏன் இலேசாக மட்டும் இருந்தது, காலையில் ஏன் அவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதற்கும் அதிலேயே விடை கிடைத்தது.

அந்தப் படியில் அப்படி என்ன நடக்கிறது என்பதை நோயாளிக்குச் சொல்லும்போது நான் உவமை எதுவும் சொல்வதில்லை, உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். மூளை நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அல்பிரசோலம் போன்ற பென்சோடையசிபீன் வகை மருந்துகள், காபா வந்து சேரும் ஏற்பிகளில் அதன் செயலை வலுப்படுத்துகின்றன. மாதக்கணக்கில் இந்த வலுவூட்டல் தொடர்ந்தால், ஏற்பிகள் முன்போல எளிதில் இணங்குவதில்லை, கிளர்ச்சியூட்டும் பக்கமும் சற்றுத் தன்னைக் கூட்டிக்கொள்கிறது. இப்போது மூளையின் சமநிலை என்பதே மருந்தோடு சேர்ந்த சமநிலைதான். மருந்தின் அளவு குறையும்போது, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டிக்கொண்ட அந்தப் பக்கம் தடையின்றி வெளிப்படுகிறது. நடுக்கம், வியர்வை, சத்தம் தாங்காமை, உறக்கம் கலைதல் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு வேளையின் முடிவிலும் ஒரு சிறு விலகல் நிகழ்கிறது, அடுத்த மாத்திரை அதை மூடுகிறது. அளவு எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் இதில் முக்கியம். மெதுவாக இறங்கினால் மூளை அதனோடு சேர்ந்து இறங்க அவகாசம் கிடைக்கிறது.

இதனால்தான் "மாத்திரை போட்டால் அடங்குகிறது" என்ற அவருடைய வாதம் எதையும் மெய்ப்பிக்கவில்லை. பீதிக் கோளாறாக இருந்தாலும் அல்பிரசோலத்தில் அடங்கும். அல்பிரசோலம் குறைந்ததால் வந்ததாக இருந்தாலும் அல்பிரசோலத்தில்தான் இன்னும் திண்ணமாக அடங்கும். மருந்தைக் கூட்டியதும் மூன்று வாரம் நன்றாக இருந்ததும் அதே வகைச் சான்றுதான்: மேல் அளவு கூடியபோது கீழ் அளவும் சேர்ந்து உயர்ந்தது, மூளை அந்தப் புதிய அளவுக்குப் பழகியதும் பழைய பள்ளமே இன்னும் உயரமான இடத்திலிருந்து திரும்பி வந்தது. ஒரு மில்லிகிராமாக உயர்த்தியிருந்தால் இன்னும் ஒரு மாதம் நிம்மதி கிடைத்திருக்கும், அதற்குப் பின் மூன்று மில்லிகிராமிலிருந்து இறக்க வேண்டியவராக அவர் வந்திருப்பார்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அல்பிரசோலத்தைவிட விரைவாகக் கழியும் டிரையசோலம் என்ற உறக்க மருந்தை இரவில் உட்கொண்டவர்களுக்குப் பகலில் பதற்றம் கூடுவதை எடின்பரோவில் 1982-இலேயே எழுதிவிட்டார்கள். 1987-இல் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர்கள், வேளைக்கு நடுவில் பதற்றம் எழுந்த பீதிக் கோளாறு நோயாளிகள் 48 பேரை அல்பிரசோலத்திலிருந்து நெடுநேரம் செயல்படும் குளோனசிபாமுக்கு மாற்றி, பெரும்பான்மையோருக்கு அது மேலாக இருந்ததைப் பதிவு செய்தார்கள். அல்பிரசோலத்தின் அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டிலேயே, பரிந்துரைத்த அளவில் எடுப்பவர்களுக்கும் அதிகாலைப் பதற்றமும் வேளைக்கு நடுவில் அறிகுறிகளும் எழுவது பதிவாகியிருக்கிறது. தெரிந்திருந்தும் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், சந்திப்பில் நாம் கேட்கும் கேள்வி "எப்படி இருக்கிறது?" என்பதாக இருக்கிறது, "எத்தனை மணிக்கு?" என்பதாக இருப்பதில்லை என்று நான் நினைக்கிறேன்.

செய்த மாற்றங்கள்

முதலில் மொத்த அளவை மாற்றாமல், அதே 1.5 மில்லிகிராமை நான்கு வேளையாகப் பிரித்தேன்: காலை 6 மணிக்கு 0.5, நண்பகல் 0.25, மாலை 6 மணிக்கு 0.25, இரவு 11 மணிக்கு 0.5. இது சிகிச்சையாகவும் சோதனையாகவும் இருந்தது. மூல நோய்தான் தலைதூக்குகிறது என்றால், ஒரு துளிகூடக் கூட்டாத மருந்தால் அது தணிய வேண்டிய காரணம் இல்லை. மூன்றாம் நாளில் மதிய நடுக்கம் நின்றது. ஊசியில் நூல் ஒரு மணிக்கும் இரண்டாம் முயற்சியில் நுழைந்தது. அதிகாலை விழிப்பு ஐந்தரைக்குத் தள்ளிப் போய், ஆறு மணி மாத்திரையோடு முடிந்தது.

அந்த இடத்திலேயே நின்றுவிட முடியாது. நான்கு வேளை மருந்து என்பது நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை. அவர் ஏற்கெனவே மாத்திரை அட்டையை இயந்திரத்தின் இழுப்பறையில் ஒன்றும், முந்தானை முடிச்சில் ஒன்றுமாக வைத்திருந்தார். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதும் "இனி வரும்" என்று காத்திருப்பதே உண்மையான பதற்றமாகிவிடுகிறது. உடலில் அளவு குறைவதும், குறையப்போகிறது என்ற அச்சமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. நீண்ட காலம் இப்படி இருந்தவர்களிடம் மருந்தின் நேரத்தைச் சரிசெய்த பின்னும் அந்தக் காத்திருப்பு பல வாரம் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே பத்து நாட்களுக்குப் பின் குளோனசிபாமுக்கு மாற்றத் தொடங்கினேன். இதன் அரை ஆயுள் 30 முதல் 40 மணி. ஒரு நாளுக்குள் அளவில் பெரிய ஏற்ற இறக்கம் வராது. ஒரு மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு அரை மில்லிகிராம் குளோனசிபாம் என்பது பாஸ்டன் குழு பின்பற்றிய விகிதம். சம அளவுக் கணக்குகள் நூலுக்கு நூல் வேறுபடுவதால், இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ள வேண்டும். முதல் நான்கு நாட்கள் இரவு அல்பிரசோலத்துக்குப் பதில் குளோனசிபாம் 0.5, அடுத்த நான்கு நாட்களில் காலை அல்பிரசோலத்துக்குப் பதில் குளோனசிபாம் 0.25, பிறகு மாலையிலும் நண்பகலிலும் இருந்த கால் மில்லிகிராம்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கினேன். புதிய மருந்து உடலில் தன் நிலையான அளவை அடைய ஒரு வாரம் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் தாங்க முடியாவிட்டால் ஒரு 0.25 அல்பிரசோலம் எடுத்துக்கொள்ள அனுமதித்தேன். இரண்டு முறை எடுத்தார்.

இரண்டாம் வாரத்தில் எதிர்பார்த்த தொல்லை வந்தது. மருந்து சேர்ந்து சேர்ந்து உயர்ந்ததால் பகலில் தூக்கக் கலக்கம்; வெட்டுக் கத்தரியைக் கையில் எடுக்கவும், ஸ்கூட்டி ஓட்டவும் ஐந்து நாட்கள் வேண்டாம் என்று சொன்னேன். மாற்றிய மறுநாளே மந்தமாக இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் அளவு போதவில்லை என்று முடிவு கட்டுவது இங்கே எளிதில் நேரும் பிழை. மாற்றத்தின் முழு விளைவு எட்டாம் நாளுக்குப் பின்தான் தெரியும்.

இதற்கிடையே எஸ்சிடலோபிராமை மீண்டும் 5 மில்லிகிராமில், சாப்பாட்டுக்குப் பின், தொடங்கி 10-க்கு உயர்த்தினேன். முன்பு அதை விட்டதுதான் எல்லாவற்றுக்கும் வழி திறந்தது என்பதை அவரிடம் வெளிப்படையாகப் பேசினோம். இந்த மருந்தும் முதல் இரண்டு வாரங்களில் ஒரு துடிப்பைத் தரக்கூடும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், நோய் மூன்றாம் முறை திரும்பியதாக எடுத்துக்கொள்வார்கள். அது நன்றாகப் பிடிக்க ஆறு வாரம் காத்திருந்து, பின்பு குளோனசிபாமைக் குறைக்கத் தொடங்கினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை 0.125, அதாவது அரை மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு. ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் நான்காம் நாள் வாக்கில் இலேசான உறக்கக் குறைவு வந்து, பத்தாம் நாளுக்குள் மறைந்தது. அவரும் அந்த நாட்களை முன்கூட்டியே நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளப் பழகினார்.

அவர் ஒருமுறை, எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டுத் தாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டார். மாதக்கணக்கில் எடுத்த பென்சோடையசிபீனைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தைரியத்தால் தாங்கக்கூடிய ஒன்று அல்ல அது. வேளைக்கு நடுவில் பதற்றம் எழுகிறது என்று தெரிந்தவர்கள் முதலில் செய்யத் துடிப்பது இதைத்தான். அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

உண்மையாகவே திரும்பிய நாள்

குறைப்பின் மூன்றாம் மாதம், நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராம் மட்டுமே மிச்சம் இருந்தபோது, அவர் தொலைபேசியில் அழைத்தார். திருமங்கலம் தாண்டியதும் பேருந்தில் தாக்கு வந்திருக்கிறது. சட்டென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம். எட்டு நிமிடங்களில் உச்சம். இறங்காமல் உட்கார்ந்தே இருந்ததால் மதுரை வருவதற்குள் ஓய்ந்துவிட்டது. "இது பழசுதான் டாக்டர், அது இல்ல," என்றார் அவரே.

நோட்டைப் பார்த்தேன். முந்தைய குறைப்பு நடந்து பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. வழக்கமான நான்காம் நாள், பத்தாம் நாள் கணக்கு கடந்துவிட்டது. தாக்கு வந்தது காலை பதினொன்றேகாலுக்கு. மருந்து எடுத்தது முந்தைய இரவு பத்து மணிக்கு. குளோனசிபாமில் அந்த நேரத்தில் பள்ளம் எதுவும் இல்லை. அன்று காலையில் ஊசியில் நூல் முதல் முயற்சியிலேயே நுழைந்திருந்தது. சத்தம் தாங்காமை இல்லை. இடம் பழைய இடம், முகம் பழைய முகம். மருந்து குறைந்துவரும் மூளையில் பீதிக்கான வாசல் சற்றுத் தாழ்ந்திருக்கலாம், அதை என்னால் முற்றாக விலக்க முடியாது; ஆனால் இது ஒரு வேளையின் முடிவில் எழுந்த பதற்றம் அல்ல என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அதனால் செய்ததும் வேறாக இருந்தது. குளோனசிபாமைக் கூட்டவில்லை, ஆறு வாரம் அதே அளவில் நிறுத்தி வைத்தேன். எஸ்சிடலோபிராமை 15 மில்லிகிராமாக உயர்த்தினேன். எங்கள் மனநல உளவியலாளரோடு சேர்ந்து, முதலில் மகளோடு மூன்று நிறுத்தம், பிறகு தனியாக மூன்று நிறுத்தம், பிறகு மதுரைவரை என்று, மாத்திரை எதுவும் கையில் வைத்துக்கொள்ளாமல் பேருந்துப் பயிற்சி செய்தார். முதல் மூன்று பயணங்களில் படபடப்பு வந்தது, இறங்கவில்லை. நான்காம் பயணத்துக்குப் பின் நோட்டில் அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. ஆறு வாரம் முடிந்ததும் கால் துண்டுக் குறைப்பைத் தொடர்ந்தோம். கடைசி இரண்டு படிகளை ஐந்து வாரமாக நீட்டினோம். மருந்து நின்ற பிறகும் ஒரு மாதம் அவர் அதிகாலை நான்கரைக்குக் கண் விழித்துப் பார்த்து, எதுவும் இல்லை என்று கண்டு, மீண்டும் உறங்கிப் போனதாக எழுதியிருக்கிறார்.